மெனோபாஸ் ஹார்மோன் மருந்தை எப்போது, எப்படி நிறுத்துவது?

"நாலைந்து வருஷமாக ஹார்மோன் எடுக்கிறேன். இன்னும் எவ்வளவு காலம் தொடரலாம்? ஒரேயடியாக நிறுத்தலாமா, குறைத்துக் குறைத்து நிறுத்தணுமா?"

ஐந்து வருஷம் ஆனால் நிறுத்தியே தீர வேண்டும் என்று கெடு எதுவும் இல்லை. வருஷம் ஒருமுறை டாக்டரோடு உட்கார்ந்து, பலன் இன்னும் இருக்கிறதா, அபாயம் கூடியிருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரானும் சேர்த்து எடுப்பவர்களுக்கு, வருஷம் ஏற ஏற மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். நான் நிறுத்த நினைத்ததும் அதனால்தான். 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. பொதுவாக 50, 51 வயது வரையாவது அவர்களைத் தொடரச் சொல்வார்கள்.

மருந்து எடுக்கும் வரை, உடம்பில் சூடு பரவும் தொல்லை தானாக அடங்கிவிட்டதா என்று தெரியவே தெரியாது. நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும். ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது திரும்ப வருகிறது.

நான் 50 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் பேட்ச் ஒட்டிக்கொண்டு, ராத்திரி 100 மில்லிகிராம் புரோஜெஸ்டிரான் எடுத்துவந்தேன். டாக்டரம்மா முதலில் பேட்சை 25க்கு இறக்கினார். "கர்ப்பப்பை இருக்கும்மா, ஈஸ்ட்ரோஜன் ஒட்டுற வரைக்கும் அந்த ராத்திரி மாத்திரையை விடக் கூடாது" என்று அழுத்திச் சொன்னார். ஈஸ்ட்ரோஜன் மட்டும் தனியாகப் போனால் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போகும். புற்றுநோய் வரைக்கும் அது போகலாம்.

இறக்கிய முதல் சில வாரங்கள் நடுராத்திரியில் விழிப்பு வந்துவிடும், நைட்டியின் கழுத்துப் பக்கம் ஈரமாக இருக்கும். அப்புறம் தானே தணிந்தது. இரண்டு மூன்று மாதம் 25இல் இருந்துவிட்டு, பேட்ச், மாத்திரை இரண்டையும் ஒரே நாளில் விட்டேன். திரும்பவும் கொஞ்சம் வியர்வை வந்தது, முன்பைவிடக் குறைவு. அதனால் முதல் சில வாரத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். மூன்று மாதம் கழித்தும் தூக்கம் கெட்டால், டாக்டரிடம் பேசிவிட்டு, தாங்கும் அளவுக்கான குறைந்த டோஸுக்குத் திரும்பலாம். முடிந்தால் கடும் வெயில் காலத்தில் ஆரம்பிக்க வேண்டாம்.

குறைத்துக் குறைத்து நிறுத்தினாலும் ஒரேயடியாக நிறுத்தினாலும் கடைசியில் தொல்லை திரும்ப வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றுதான். குறைத்து நிறுத்தினால் ஆரம்ப வாரங்கள் கொஞ்சம் சுலபமாகக் கழியும், அவ்வளவே. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

பிறப்புறுப்பு வறட்சி மட்டும் காலப்போக்கில் தணியாது, கூடத்தான் செய்யும். அதற்கு உள்ளே வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் உண்டு. இரத்தத்தில் மிகக் குறைவாகவே கலப்பதால் நீண்ட காலம் பயன்படுத்தலாம். எலும்புக்குக் கிடைத்துவந்த பாதுகாப்பும் மருந்தோடு போய்விடும், நிறுத்தும் முன் எலும்பு அடர்த்தி ஸ்கேன் பற்றிக் கேட்டுவிடுங்கள். நிறுத்தி வெகுநாள் கழித்து பிறப்புறுப்பிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் சரி, தாமதிக்காமல் காட்டுங்கள்.