முக அழகுக்கு மதிப்பெண்: குழுவும் படமும்

முகத்தின் அழகை ஆய்வாளர்கள் எப்படி அளக்கிறார்கள், அந்த எண்களை நம்பலாமா?

ஒரே வெளிச்சத்தில், உணர்ச்சி காட்டாமல் நேராகப் பார்க்கும் முகங்களின் படங்களைப் பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர்களிடம் காட்டி, 1 முதல் 7 வரை மதிப்பெண் இடச் சொல்லி, ஒவ்வொரு முகத்துக்கும் சராசரி எடுப்பதே வழக்கம். மதிப்பிட்ட குழு ஒத்துப்போவதற்குச் சான்றாக, மதிப்பெண்களின் ஒத்திசைவைக் காட்டும் க்ரோன்பாக் ஆல்ஃபா என்ற அளவு 0.9-ஐத் தாண்டியது என்பார்கள். ஆனால் இருவரின் மதிப்பெண்கள் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்பதைக் காட்டும் ஒட்டுறவு சராசரியாக வெறும் 0.3 ஆக இருந்தாலும், 30 பேரைச் சேர்த்தால் ஆல்ஃபா ஏறத்தாழ 0.93 ஆகிவிடும், அது சராசரியின் நிலைத்தன்மையைக் காட்டுகிறதே தவிர, தனிமனிதர்களின் ரசனை ஒன்று என்பதை அல்ல.

படத்தின் குறை இதைவிடப் பெரியது என்பேன். 2011-இல் உளவியலாளர் ராப் ஜென்கின்ஸ் குழுவினர் ஒவ்வொரு நபரின் பல அன்றாடப் படங்களையும் மதிப்பிடச் செய்தபோது, ஒருவரின் படங்களுக்குள்ளேயே தென்பட்ட மதிப்பெண் வேறுபாடு, ஆட்களுக்கு இடையிலான வேறுபாட்டை மிஞ்சியது. ஆளுக்கு ஒரு படம் மட்டும் வைக்கும் ஆய்வில் இது கண்ணுக்கே படாது.