வினைக்கு ஏன் இரண்டாம் இடம்?

அன்புள்ள ஐயா,

ஜெர்மன் படிக்கிறேன், ஏ2 நிலை. முதன்மை வாக்கியத்தில் வினை எப்போதும் இரண்டாவதாகத்தான் வரும் என்று வகுப்பில் மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். ஆனால் பாடநூலிலேயே ஆறாவது சொல்லாக வினை வரும் வாக்கியம் இருக்கிறது. துணை வாக்கியத்திலோ அதே வினை கடைசிக்குப் போய்விடுகிறது. ஏன் என்று கேட்டால் ‘அது அப்படித்தான்’ என்கிறார் ஆசிரியர். நிஜமாகவே காரணம் இல்லையா?

ர., கோவை

அன்புள்ள ர.,

ஆறாவது சொல் விவகாரத்தை முதலில் முடித்துவிடலாம். ‘ஆம் எண்டெ டீசர் லாங்கென் ஷ்ட்ராஸெ வோன்ட் மைன் ப்ரூடர்.’ இந்த நீண்ட தெருவின் கடைசியில் என் சகோதரன் குடியிருக்கிறான். ‘வோன்ட்’தான் வினை. அதற்கு முன்னால் உள்ள ஐந்து சொற்களையும் எடுத்துவிட்டு, அங்கே என்று பொருள்படும் ‘டோர்ட்’ என்ற ஒற்றைச் சொல்லைப் போட்டுப் பாருங்கள். வாக்கியம் குலையாது. ஆக, அந்த ஐந்தும் சேர்ந்து ஒரே உறுப்பு. எண்ண வேண்டியது உறுப்புகளைத்தான்.

இனி ‘ஏன்’. பாடநூல்கள் முதன்மை வாக்கியத்தை இயல்பானதாகவும் துணை வாக்கியத்தை அதிலிருந்து விலகியதாகவும் சொல்லித்தருகின்றன. தலைகீழாகப் பார்த்தால்தான் விளங்கும் என்பது என் கட்சி. தமிழ் பேசுபவருக்கு அது இன்னும் சுலபம்.

‘டஸ் இஷ் கெஸ்டெர்ன் டெம் கிண்ட் ஐன் பூஹ் கெகவுஃப்ட் ஹாபெ.’ இதில் ‘டஸ்’ நம்முடைய ‘என்று’. அதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால்: நான் நேற்று குழந்தைக்கு ஒரு புத்தகம் வாங்கி இருக்கிறேன். ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை. ‘கெகவுஃப்ட் ஹாபெ’யில் முக்கிய வினை முன்னால், துணைவினை பின்னால், ‘வாங்கி இருக்கிறேன்’ மாதிரியேதான். நாம் ‘என்று’வைக் கடைசியில் வைக்கிறோம், அவர்கள் தொடக்கத்தில் வைக்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

இதையே முதன்மை வாக்கியமாக்கினால் ‘டஸ்’ போய்விடுகிறது. அது இருந்த நாற்காலி காலி. எழுவாய்க்கேற்ப விகுதி ஏற்ற ‘ஹாபெ’ மட்டும் கடைசியிலிருந்து எழுந்து வந்து அதில் உட்கார்கிறது. ‘கெகவுஃப்ட்’ இருந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. பிறகு ஏதாவது ஓர் உறுப்பு ‘ஹாபெ’க்கு முன்னால் போகிறது. நேற்று என்பதை முன்னால் கொண்டுபோனால் ‘கெஸ்டெர்ன் ஹாபெ இஷ் டெம் கிண்ட் ஐன் பூஹ் கெகவுஃப்ட்’. முன்னால் ஓர் உறுப்புக்குத்தான் இடம். அது நிரம்பிவிட்டதால் ‘இஷ்’ பின்னால் நிற்க வேண்டியதாகிறது. ‘கெஸ்டெர்ன் இஷ் ஹாபெ’ என்று எழுதினால் சிவப்பு மை விழுவது இதனால்தான்.

‘டஸ்’ஸும் வினையும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன என்ற இந்த விளக்கத்தை டச்சு மொழியியலாளர் ஹான்ஸ் டென் பெஸ்டன் 1983இல் விரிவாக முன்வைத்தார். அதற்குச் சாட்சி அன்றாடப் பேச்சிலேயே இருக்கிறது. அவன் நாளை வருவான் என்று நினைக்கிறேன் என்பதை ‘இஷ் க்ளாவ்பெ, டஸ் எர் மோர்கென் கொம்ட்’ எனலாம். ‘டஸ்’ஸை விட்டுவிட்டால் ‘இஷ் க்ளாவ்பெ, எர் கொம்ட் மோர்கென்’ என்று வினை உடனே முன்னேறிவிடும். நிபந்தனை வாக்கியத்திலும் இதே கதைதான். ‘வென் எர் கொம்ட்’ என்றால் ‘அவன் வந்தால்’. ‘வென்’னை நீக்கிவிட்டு ‘கொம்ட் எர்’ என்று தொடங்கினாலும் அதே பொருள்தான். ‘வென்’ இருந்த இடத்தில் இப்போது வினை. பிரியும் வினைகளும் இதையே சொல்கின்றன. ‘அன்ரூஃபென்’ என்றால் தொலைபேசியில் கூப்பிடுவது. ‘இஷ் ரூஃபெ டிஷ் மோர்கென் அன்’ என்னும்போது ‘ரூஃபெ’ முன்னால் போய்விட, ‘அன்’ மட்டும் பழைய வீட்டிலேயே கிடக்கிறது.

வினைக்கு முன்னுள்ள அந்த ஓர் இடத்துக்கு ஜெர்மன் இலக்கணத்தில் ‘ஃபோர்ஃபெல்ட்’ என்று பெயர். முன்களம் எனலாம். சாதாரணச் செய்தி வாக்கியத்தில் அது காலியாக இருக்கக்கூடாது. நிரப்ப ஆளில்லாவிட்டால் பொருளே இல்லாத ‘எஸ்’ஸைக் கொண்டுவந்து வைப்பார்கள்: ‘எஸ் காமென் ட்ரை மென்னர்’, மூன்று ஆண்கள் வந்தார்கள். நேற்று என்பதை முன்னால் வைத்ததும் ‘எஸ்’ மறைந்துவிடும். ‘கெஸ்டெர்ன் காமென் ட்ரை மென்னர்.’ ஆமா, இல்லை என்று பதில் வரும் கேள்வியிலும் ஏவலிலும் முன்களம் காலி. அதனால் உங்கள் ஆசிரியர் சொல்லும் ‘எப்போதும்’ கொஞ்சம் அதிகப்படி.

வினை முன்னேறும் இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பது தனிக் கேள்வி. மொழியியலாளர் யாக்கோப் வாக்கர்நாகெல் 1892இல் ஒரு யூகம் சொன்னார். வேதகால சமஸ்கிருதத்தில் முதன்மை வாக்கியத்தின் வினை பொதுவாக அழுத்தமின்றி ஒலிக்கும், துணை வாக்கியத்தின் வினை அழுத்தம் பெறும். அழுத்தமற்ற சிறு சொற்கள் இரண்டாம் இடத்தை நாடுவது பழைய இந்தோ ஐரோப்பிய மொழிகளின் வழக்கம். வினையும் அவற்றோடு சேர்ந்துகொண்டது என்றார். அழகான யூகம்தான், ஆனால் எல்லாரும் ஏற்றுக்கொண்டதில்லை.

வகுப்பில் கேள்விப்படாத ஒன்று உங்கள் காதில் விழும், அதையும் சொல்லிவிடுகிறேன். ‘வைல்’, அதாவது ஏனென்றால், வந்தால் வினை கடைசிக்குப் போக வேண்டும். பேச்சில் பலர் ‘வைல்’ சொல்லிச் சற்று நிறுத்திவிட்டு, வினையை இரண்டாம் இடத்தில் வைத்துப் புது வாக்கியமாகவே தொடர்கிறார்கள்: ‘வைல்... இஷ் ஹாப் கைனெ ட்சைட்’, எனக்கு நேரமில்லை. ஜெர்மானியரிடம் பேசும்போது தைரியமாகச் சொல்லலாம். தேர்வுத்தாளில் மட்டும் வேண்டாம்.