தொண்டை அடைப்பான்: நஞ்சு செல்லுக்குள் நுழைவதற்கு முன்னும் பின்னும்

மருத்துவ நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவள் நான். டிப்தீரியா என்கிற தொண்டை அடைப்பான் நோயைப் பற்றி வந்த கேள்விகளை எழுதியவர்களின் சொற்களிலேயே தந்து பதில் சொல்கிறேன்.

"டாக்டர் அம்மா, இந்த நஞ்சு புரத உற்பத்தியை நிறுத்துகிறது என்று படித்தேன். எப்படி நிறுத்துகிறது? பிளஸ் டூ மாணவிக்குப் புரியும்படி சொல்லுங்கள்."

பூத் தொடுப்பவரின் கையைக் கவனித்திருப்பாய் அம்மா. ஒரு பூவை முடிந்தவுடன் சரத்தைச் சற்றே நகர்த்திக்கொள்வார். அப்போதுதான் அடுத்த பூவுக்கு இடம் கிடைக்கும். செல்லுக்குள் ரைபோசோம் புரதம் தொடுப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். ஓர் அமினோ அமிலம் சேர்ந்ததும், எதை அடுத்துச் சேர்ப்பது என்ற குறிப்பைச் சுமக்கும் எம்ஆர்என்ஏ என்ற செய்தி இழை மூன்று எழுத்து நகர வேண்டும். அதை நகர்த்தும் புரதத்தின் பெயர் ஈஎஃப்-2.

டிப்தீரியா நஞ்சு இரண்டு துண்டுகளால் ஆனது. பி துண்டு வழிகாட்டி. நம் செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஓர் ஏற்பியைப் பிடித்துக்கொள்கிறது. வேறு வேலைக்காக நம் உடல் வைத்திருக்கும் ஏற்பி அது. செல் அதை நஞ்சோடு சேர்த்து ஒரு சிறு பைக்குள் இழுத்துக்கொள்கிறது. எந்தப் பொருளை உள்ளே இழுத்தாலும் செல் அந்தப் பையைப் புளிக்க வைக்கும். நஞ்சு காத்திருப்பது அந்தப் புளிப்புக்குத்தான். அமிலம் பட்டதும் பி துண்டு உருமாறிப் பையின் சுவரில் ஒரு வழியைத் திறக்க, ஏ துண்டு அதன் வழியே செல்லின் உட்பகுதிக்குப் போய்விடுகிறது.

கொலை செய்வது ஏ துண்டு. ஈஎஃப்-2 புரதத்தில் டிப்தமைட் என்ற விசித்திரமான அமினோ அமிலம் ஒன்றே ஒன்று இருக்கிறது. ஏ துண்டு, செல்லில் தாராளமாகக் கிடைக்கும் என்ஏடி மூலக்கூற்றை உடைத்து, அதன் பெரும்பகுதியை அந்த டிப்தமைட்டின் மேல் ஒட்டிவிடுகிறது. அதோடு சரத்தை நகர்த்தும் கை முடங்கிவிடும். ஏ துண்டு ஒரு நொதி என்பதால் தான் தீர்ந்துபோகாமல் அடுத்த ஈஎஃப்-2, அதற்கடுத்தது என்று போய்க்கொண்டே இருக்கும். ஏ துண்டின் ஒரே ஒரு மூலக்கூறு உள்ளே போனாலும் ஒரு செல் இறந்துவிடும் என்று 1978-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதைப் படித்த நாளில் எனக்கு நெடுநேரம் வேறு வேலை ஓடவில்லை.

"அப்படியானால் அந்தக் கிருமியே ஏன் சாகவில்லை? அதுவும் புரதம் செய்கிறதல்லவா?"

நல்ல கேள்வி. பாக்டீரியாவிலும் சரத்தை நகர்த்தும் புரதம் உண்டு. ஆனால் அதில் டிப்தமைட் கிடையாது. பூட்டு இல்லாத வீட்டில் இந்தச் சாவிக்கு வேலை இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நஞ்சுக்கான மரபணு பாக்டீரியாவுக்கே சொந்தமானதல்ல. பாக்டீரியாவுக்குள் குடியேறும் ஒரு வைரஸ் கொண்டுவந்தது. அது குடியேறாத டிப்தீரியா பாக்டீரியா தொண்டையில் இருந்தாலும் இந்த நஞ்சைச் சுரக்காது. ஆகவே ஆய்வகத்தில் கிருமியைக் கண்டதும் வேலை முடிந்துவிடுவதில்லை. அது நஞ்சு சுரக்கிறதா என்று தனியே சோதிக்க வேண்டும்.

"மேடம், நான் மருந்தாளுநர். இது பாக்டீரியா நோய். பெனிசிலினுக்குக் கட்டுப்படுகிறது. பிறகு ஏன் கிடைக்காத எதிர்நச்சு மருந்துக்காக அலைய வேண்டும்?"

நீங்கள் சொல்வதில் பாதி சரி. பெனிசிலினோ எரித்ரோமைசினோ கட்டாயம் கொடுக்க வேண்டும். வழக்கமாக 14 நாள். அது கிருமியைக் கொன்று மேற்கொண்டு நஞ்சு சுரப்பதைத் தடுக்கும், பிறருக்குப் பரவுவதையும் தடுக்கும். ஆனால் ஏற்கெனவே சுரந்து ரத்தத்தில் போய்க்கொண்டிருக்கும் நஞ்சை அது ஒன்றும் செய்யாது. இந்தக் கிருமி பெரும்பாலும் தொண்டையை விட்டு நகர்வதில்லை. பயணம் போவது நஞ்சு. இதயத் தசைக்கும் நரம்புகளுக்கும் சிறுநீரகத்துக்கும் போவது அதுதான்.

எதிர்நச்சு என்பது குதிரையின் உடலில் உருவான எதிர்ப்புப் புரதம். பாம்புக்கடிக்குக் கொடுக்கும் விஷமுறிவு மருந்தைப் போன்றது. அது நஞ்சின் மேல் ஒட்டிக்கொண்டு, செல்லைப் பிடிக்கவிடாமல் செய்கிறது. செல்லுக்கு வெளியே இருக்கும் நஞ்சை மட்டும்தான் அதனால் எட்ட முடியும். உள்ளே போய்விட்ட ஏ துண்டைப் பிடிக்க இன்றுவரை மருந்து இல்லை. அதனால்தான் தொண்டையைப் பார்த்துச் சந்தேகம் வலுத்த உடனேயே, ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் கொடுத்துவிடுகிறார்கள். என் போன்றவர்களின் அறிக்கை வரும்வரை காத்திருந்தால் இரண்டு நாள் போய்விடும்.

அளவைத் தீர்மானிக்கும் விதத்தைப் பார்த்தாலும் இது விளங்கும். பெரும்பாலான மருந்துகளைக் குழந்தையின் எடை பார்த்துக் கொடுப்போம். இதை அப்படிக் கொடுப்பதில்லை. நோய் தொண்டையளவில் இருந்து இரண்டு நாளுக்குள் வந்தால் 20,000 முதல் 40,000 யூனிட் வரை. நோய் பரவி மூன்று நாளோ அதற்கு மேலோ ஆகியிருந்தாலும், கழுத்து வீங்கி வந்தாலும் 80,000 முதல் 1,20,000 வரை. சிறு குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான். ஏனென்றால் முறிக்க வேண்டியது சுரந்திருக்கும் நஞ்சை. உடலின் எடைக்கு அங்கே கணக்கில்லை.

"குதிரை ரத்தத்தில் செய்த ஊசியா? இதனால்தான் என் பேரனுக்குத் தடுப்பூசி போட எனக்கு மனம் ஒப்பவில்லை."

ஐயா, இரண்டும் வேறு வேறு. குதிரையிலிருந்து வருவது நோய் கண்டவருக்குக் கொடுக்கும் எதிர்நச்சு. அதற்கு ஒவ்வாமை வரக்கூடும் என்பது உண்மை. அதனால் முதலில் சிறிதளவு செலுத்திச் சோதித்து, அட்ரினலினைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். பேரனுக்குப் போடும் தடுப்பூசியில் குதிரையின் புரதம் எதுவும் இல்லை. அது ஃபார்மலினால் வீரியம் இழக்கச் செய்த நஞ்சு. 1920-களில் பிரான்சில் காஸ்டோன் ரமோன் கண்டறிந்த முறை. உருவம் நஞ்சுடையது, நச்சுத்தன்மை கிடையாது. தடுப்பூசியைத் தவிர்த்த குழந்தைக்குத்தான் பிறகு குதிரை மருந்து தேவைப்படும் நிலை பெரும்பாலும் வருகிறது. அதைத் தயவுசெய்து யோசித்துப் பாருங்கள்.

"தடுப்பூசி போட்டவர்கள் தொண்டையிலும் இந்தக் கிருமி இருக்கும் என்கிறார்களே. பிறகு போட்டு என்ன பயன்?"

2015-இல் ஸ்பெயினில் நடந்ததைச் சொல்கிறேன். கட்டலோனியாவில் ஓலோட் என்ற ஊர். தடுப்பூசி போடப்படாத ஆறு வயதுச் சிறுவனுக்கு மே மாத இறுதியில் டிப்தீரியா என்று உறுதியானது. அந்த நாட்டில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக இந்த நோயையே பார்த்ததில்லை. அதனால் எதிர்நச்சு கையிருப்பில் இல்லை. பல நாடுகளில் தேடி, கடைசியில் ரஷ்யாவிலிருந்து வரவழைத்தார்கள். மருந்து வந்து சேர்வதற்குள் எவ்வளவு நஞ்சு செல்களுக்குள் போயிருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? இதயம், நுரையீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் வேலையை இயந்திரங்கள் ஏற்று நடத்தியும் ஜூன் 27 அன்று அந்தப் பிள்ளை இறந்துபோனான்.

அவனோடு பழகிய பிள்ளைகளின் தொண்டையைச் சோதித்தபோது சிலரிடம் அதே கிருமி இருந்தது. அவர்கள் தடுப்பூசி போட்டவர்கள். ஒருவருக்கும் நோய் வரவில்லை. தடுப்பூசி தயாரிக்கும் எதிர்ப்புப் புரதம் கிருமியைக் குறிவைப்பதில்லை, நஞ்சைக் குறிவைக்கிறது. நஞ்சு சுரந்த கணமே, செல்லைத் தொடுவதற்கு முன்பே அதைப் பிடித்துவிடுகிறது. ரஷ்யாவிலிருந்து தாமதமாக வந்த மருந்து செய்ய வேண்டியிருந்த வேலையை, அந்தப் பிள்ளைகளின் ரத்தம் முன்கூட்டியே செய்துகொண்டிருந்தது.

"1962-இல் என் தங்கைக்கு இந்த நோய் வந்தது. தொண்டை சரியாகி வீட்டுக்கு அழைத்து வந்தோம். பேச்சு மூக்கால் வந்தது, தண்ணீர் குடித்தால் மூக்கு வழியே திரும்பியது. பத்து நாளில், விளையாடிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். எங்கள் கவனக்குறைவா என்று இன்றும் கேட்டுக்கொள்கிறேன்."

இல்லை அண்ணா. உங்கள் கவனக்குறைவு இல்லை. தொண்டையில் வெள்ளைப் படலம் மறைந்த பிறகும் உள்ளே போன நஞ்சு தன் வேலையைத் தொடரும். நீங்கள் எழுதியிருப்பது மேலண்ணத்தை அசைக்கும் நரம்பு செயலிழந்ததன் அடையாளம். இதயத் தசையின் பாதிப்பு பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில் தெரியவரும். குழந்தை தேறிவிட்டது என்று எல்லோரும் நம்பும் நேரத்தில் நாடித்துடிப்பு தடுமாறும். இப்போது இந்த நோயாளிகளுக்கு ஈசிஜி திரும்பத் திரும்ப எடுப்பதும், படுக்கையை விட்டு எழவிடாமல் வைத்திருப்பதும் இதனால்தான். வெளியே நலமாகத் தெரியும் ஒரு குழந்தையைப் பார்த்து இதை வீட்டில் யாராலும் ஊகித்திருக்க முடியாது.

"என் மகளின் டான்சிலில் வெள்ளையாக இருக்கிறது, காய்ச்சல் 103. இதைப் படித்ததும் கை நடுங்குகிறது. தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துப் பார்க்கட்டுமா?"

வேண்டாம் அம்மா, துடைக்காதீர்கள். அதிகக் காய்ச்சலோடு டான்சில் மேல் மட்டும் புள்ளி புள்ளியாக வெள்ளை இருந்தால் பெரும்பாலும் சாதாரண டான்சில் தொற்றுதான். டிப்தீரியாவில் காய்ச்சல் அவ்வளவு ஏறாமலே குழந்தை மிகவும் சோர்ந்து கிடக்கும். படலம் சாம்பல் நிறத்தில், தோல் போலத் தடித்து, டான்சிலைத் தாண்டி உள்நாக்கு வரை படரும். உரித்தால் ரத்தம் கசியும். இறந்த செல்களும் உறைந்த புரதமும் சேர்ந்து கீழே உள்ள திசுவோடு பின்னிக்கொண்டிருப்பதே காரணம். உரிக்கும்போது துண்டு பிய்ந்து மூச்சுக்குழலை அடைத்துவிடவும் கூடும். புகைப்படம் பார்த்து நானும் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். தடுப்பூசி அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். மூச்சு விடும்போது சத்தம் வந்தாலோ கழுத்து வீங்கினாலோ நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.

"உயிர்வேதியியல் ஆய்வு மாணவன். எலி செல்களிலும் டிப்தமைட் உண்டு, ஆனால் எலிக்கு இந்த நோய் வருவதில்லை. ஏற்பியின் வேறுபாடே காரணம் என்று அறிவேன். என் ஐயம் வேறு: இத்தனை ஆபத்தான டிப்தமைட்டைப் பரிணாமம் ஏன் விட்டுவைத்தது?"

எலி உதாரணம் மிகச் சரியானது. ஏ துண்டை நேராக உள்ளே செலுத்தினால் எலி செல்லும் சாகும். ஏற்பியில் சில அமினோ அமிலங்கள் மாறியிருப்பதால் கதவு திறப்பதில்லை, அவ்வளவுதான்.

உங்கள் ஐயத்துக்கு முழு விடை இன்னும் இல்லை. டிப்தமைட்டை உருவாக்கும் மரபணுக்களை நீக்கினாலும் தட்டில் வளரும் செல்கள் பிழைக்கின்றன, இந்த நஞ்சுக்கும் அசைவதில்லை. ஆனால் அதே மரபணுக்கள் இல்லாத எலிக்குஞ்சுகள் கருவிலேயே அல்லது பிறந்தவுடன் இறக்கின்றன. டிப்தமைட் இல்லாவிட்டால் இழை நகரும்போது மூன்றெழுத்துக் கணக்கு சில இடங்களில் தவறுகிறது என்று சோதனைகள் காட்டுகின்றன. காரணம் அது மட்டும்தானா என்பதில் எனக்கே திருப்தி இல்லை. நீங்கள் ஏதாவது கண்டுபிடித்தால் எனக்கும் எழுதுங்கள்.

"நான் கிராம சுகாதாரச் செவிலியர். நோய் வந்து பிழைத்த சிறுவனுக்குத் தடுப்பூசி போடச் சொன்னால், 'ஒருமுறை வந்துவிட்டது, இனி வராது' என்கிறார் அவன் அப்பா."

அம்மையில் அவர் சொல்வது சரி, இதில் சரியில்லை. இந்த நஞ்சு மிகச் சிறிய அளவிலேயே ஆளைச் சாய்த்துவிடும். அந்தச் சிறிய அளவு, நிலைத்த எதிர்ப்பைத் தூண்டப் பல வேளைகளில் போதாது. அவனுக்கு ஏற்றிய குதிரைப் புரதமும் சில வாரங்களில் கரைந்துவிடும். பிறகு அவன் மறுபடியும் பாதுகாப்பற்றவன். தேறியதும் வயதுக்கேற்ற தடுப்பூசியைத் தொடங்கிவிடுங்கள். வீட்டில் மற்ற பிள்ளைகளின் அட்டையையும் பாருங்கள். ஐந்தாறு வயதில் போட வேண்டிய ஊக்க ஊசியும், 10, 16 வயதில் டெட்டனஸுக்கும் டிப்தீரியாவுக்கும் சேர்த்துப் போட வேண்டிய டிடி ஊசியும்தான் பெரும்பாலும் விடுபட்டிருக்கும். முதல் மூன்று தவணை போட்டதோடு முடிந்துவிட்டது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். எதிர்ப்புப் புரதமோ ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வரும். அந்த அப்பாவிடம் பேசச் சிரமமாக இருந்தால், அவரை ஒருநாள் எனக்குத் தொலைபேசியில் பேசச் சொல்லுங்கள்.