போன வருடக் கணக்கில் 8 சதவீதம் ஏற்றினால் போதுமா?

கேள்வி: எங்கள் ஐ.டி. துறைக்கு அடுத்த ஆண்டு பட்ஜெட் போட வேண்டும். வழக்கமாகப் போன வருடத் தொகையில் 8 சதவீதம் ஏற்றிக் கொடுத்துவிடுவேன். இந்த முறை 'பூஜ்ஜிய அடிப்படையில்' கொண்டு வரச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டுமா?

பதில்: எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை. ஏற்றிப் போடும் முறையில் போன வருடத் தொகை சரியானது என்று வைத்துக்கொண்டு, கூடுதலுக்கு மட்டும் காரணம் சொல்கிறோம். பூஜ்ஜிய முறையில் அந்த அடித்தொகைக்கே காரணம் சொல்ல வேண்டும்.

உங்கள் இந்த ஆண்டு ஒதுக்கீடு 100 என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் 60, மென்பொருள் லைசென்ஸ் 18, வெளியார் பராமரிப்பு 12, பழைய சர்வரிலிருந்து தரவை மாற்றிய செலவு 6, பயிற்சி 4. எட்டு சதவீதம் ஏற்றினால் 108. தரவு மாற்றும் வேலை முடிந்துபோனது. அதற்கான 6 மட்டும் 6.48 ஆகி உட்கார்ந்திருக்கும். ஒருமுறைச் செலவு நிரந்தரச் செலவாவது இப்படித்தான்.

லைசென்ஸைப் பாருங்கள். வாங்கியது 120, ஒன்றுக்கு 0.15. கடந்த மூன்று மாத லாகின் பதிவில் 90 பேர்தான் தெரிகிறார்கள். புதிதாகச் சேர்வோருக்கு 6 சேர்த்தால் 96. விற்பவர் விலையை 10 சதவீதம் ஏற்றினாலும் 15.84 போதும், பழைய முறையில் 19.44 கேட்டிருப்பீர்கள். சம்பளத்துக்குப் பூஜ்ஜிய ஆராய்ச்சி வேண்டாம், ஆள்வாரிப் பட்டியலும் உயர்வு விகிதமும் போதும்: 64.8. பராமரிப்பு ஒப்பந்த விலை மாறாது, பயிற்சியும் அதே அளவு என்றால், மொத்தம் 96.64.

பராமரிப்பைத்தான் கொஞ்சம் உட்கார்ந்து எழுத வேண்டும். அதைப் படிகளாகப் பிரியுங்கள். பகல் நேர உதவி மட்டும் என்றால் 8. இரவு உதவியும் சேர்ந்தால் இன்னும் 4. ஒவ்வொரு படிக்கும் கீழே, அது இல்லாவிட்டால் என்ன நின்றுபோகும் என்று ஒரு வரி: 'இரவு 10 மணிக்குச் சர்வர் விழுந்தால் காலை 9 வரை ஆர்டர் பதிவாகாது.' பிறகு எல்லாச் செலவுகளின் படிகளையும் முக்கியத்துவப்படி ஒரே வரிசையில் அடுக்குங்கள். கிடைக்கும் பணம் தீரும் இடத்தில் கோடு விழும்.

கோளாறு நடப்பதும் இந்த வரிசையில்தான். யாரும் வெட்டத் துணியாததைக் கடைசியில் வைத்து, தங்களுக்குப் பிடித்ததை மேலே ஏற்றிவிடுவார்கள். இரவு உதவி 20-ஆவது இடத்திலும் புது மானிட்டர்கள் 5-ஆவது இடத்திலும் இருந்தால் நிதித் துறை உடனே பிடித்துவிடும். இன்னொரு அடையாளம், முதல் படிகளின் கூட்டுத்தொகையே இந்த ஆண்டு ஒதுக்கீட்டில் 98 சதவீதம் வருவது. அப்படியானால் படி பிரித்ததெல்லாம் பெயருக்குத்தான். முதல் படி இன்றைய சேவையைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

இத்தனை வேலையை எல்லாச் செலவுக்கும் ஆண்டுதோறும் செய்தால் துறை வேறு வேலை பார்க்க முடியாது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு தலைப்பாகச் சுழற்சியில் எடுங்கள். மற்ற ஆண்டுகளில் ஏற்றிப் போடலாம், ஒருமுறைச் செலவைக் கழித்த பிறகு.