ஷிப்பிங் புகாருக்குள் ஒளிந்திருக்கும் சட்டக் கோரிக்கை

கேள்வி: சுவாமிமலையில் ஐம்பொன் சிலை, தஞ்சாவூர் ஓவியம் இரண்டும் ஆன்லைனில் விற்கிறோம். ஜெர்மனி, இங்கிலாந்திலிருந்து நிறைய ஆர்டர் வருகிறது. ஒரே மெயில் பெட்டியை மூன்று பேர் பார்க்கிறோம். ஜெர்மனி வாடிக்கையாளர் ஒருவர், “உங்களிடம் இருக்கும் என் தகவலைக் கேட்டு ஒரு மாதம் ஆகிறது, பதிலே இல்லை” என்று கோபமாக எழுதியிருக்கிறார். அப்படி ஒரு மெயில் வந்ததாக எங்கள் யாருக்கும் ஞாபகம் இல்லை. இனி தவறாமல் இருக்க என்ன செய்யலாம்?

பதில்: அவருடைய பெயரை மெயில் பெட்டியில் தேடி, பழைய உரையாடல்களைக் கடைசி வரி வரை படித்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். “சிலை எங்கே வருகிறது” என்று தொடங்கும் மெயிலின் மூன்றாவது பத்தியில், “ஆடித் தள்ளுபடி என்று வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. என் நம்பரை எங்கிருந்து எடுத்தீர்கள்? என்னைப் பற்றி வேறு என்ன வைத்திருக்கிறீர்கள்?” என்று இரண்டு வரி இருக்கும். பதில் எழுதியவர் டிராக்கிங் எண்ணை அனுப்பிவிட்டு வேலை முடிந்ததென்று மூடியிருப்பார். தலைப்பில் ஷிப்பிங் என்று இருக்கும்போது அவரைக் குறை சொல்லவும் முடியாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர்படி அந்த இரண்டு வரியே முழுமையான கோரிக்கை. தனிப் படிவம் வேண்டாம், சட்டத்தின் பெயரைச் சொல்ல வேண்டாம், குறிப்பிட்ட மெயில் முகவரிக்குத்தான் எழுத வேண்டும் என்றும் இல்லை. வாட்ஸ்அப்பில் கேட்டாலும் கோரிக்கைதான். பிரிட்டனில் வாய்மொழியாகக் கேட்பதும் செல்லும் என்று அங்குள்ள தகவல் ஆணையர் அலுவலகமே சொல்கிறது. கும்பகோணம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அது எதற்கு என்று தோன்றலாம். யூரோவில் விலை போட்டு, ஜெர்மனிக்கு டெலிவரி உண்டு என்று அறிவித்து விற்கும் கடை அந்தச் சட்டத்தின் எல்லைக்குள் வந்துவிடும். எப்போதோ ஒருவர் தற்செயலாக வாங்கிப்போனதை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது.

மெயிலைப் படிப்பவருக்குச் சட்டம் தெரிய வேண்டியதில்லை. ஒவ்வொரு மெயிலிலும் இரண்டு விஷயத்தைப் பார்த்தால் போதும். இந்த வரி பேசுவது பொருளைப் பற்றியா, எழுதியவரின் சொந்தத் தகவலைப் பற்றியா? சொந்தத் தகவல் என்றால், அதைக் காட்டு, திருத்து, நிறுத்து, அழி என்று ஏதாவது கேட்கிறாரா? சொந்தத் தகவலைப் பற்றி அப்படி ஏதாவது கேட்கிறார் என்றால் தனியே எடுக்க வேண்டிய மெயில்.

சில உதாரணங்களில் உரசிப் பார்ப்போம். “ஆர்டரை கேன்சல் பண்ணுங்க” என்பது பொருளைப் பற்றியது, வழக்கமான வேலை. “கேன்சல் பண்ணிட்டு என் விவரத்தையும் எடுத்திடுங்க” என்றால் பின்பாதி அழிப்புக் கோரிக்கை. “போன வருஷ இன்வாய்ஸ் ஒரு காப்பி வேண்டும்” என்று வந்தால் கோரிக்கை என்று பதிந்துகொண்டிருக்காமல் உடனே அனுப்பிவிடுங்கள். “ஓவியத்துக்காக நான் அனுப்பிய குடும்பப் போட்டோ இன்னும் உங்களிடம் இருக்கிறதா?” என்பது வெறும் விசாரிப்பு போலத் தெரியும், ஆனால் அது தகவல் கேட்பதுதான். “இனி எனக்கு எதுவும் அனுப்பாதீர்கள்” என்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். அது விளம்பரத்துக்கு மறுப்பு. உடனே நிறுத்தியாக வேண்டும், மறுக்க இடமே இல்லை. ஆனால் அவருடைய எல்லாப் பதிவையும் அழிக்கச் சொன்னதாக ஆகாது. மெயில் பட்டியலிலிருந்து மட்டும் நீக்கிவிட்டு வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டில் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. இன்னொரு தவறு, நம்பரைச் சுத்தமாக அழித்துவிடுவது. அடுத்த கண்காட்சியில் வாங்கிய பட்டியலோடு அதே நம்பர் திரும்ப வந்து உட்காரும். ஆகவே “இவருக்கு அனுப்பக் கூடாது” என்ற குறிப்போடு நம்பரை மட்டும் தனியாக வைத்திருக்க வேண்டும்.

உங்கள் தொழிலில் இன்னொன்றும் உண்டு. சிலைக்கோ பூஜைக்கோ என்று பெயர், நட்சத்திரம், கோத்திரம் எழுதி அனுப்புவார்கள். ஒருவரின் மத நம்பிக்கையைக் காட்டும் தகவலை ஜிடிபிஆர் கூடுதல் பாதுகாப்புக்குரிய வகையில் வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட வாடிக்கையாளரின் மெயிலில் சந்தேகம் வந்தால், கோரிக்கை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜிமெயிலில் ஒரு ஃபில்டர் போட்டு வைக்கலாம். தேடல் பெட்டியின் `Has the words` கட்டத்தில் இதை ஒட்டுங்கள்:

```
{GDPR DSGVO Auskunft Löschung löschen "my data" "personal data" "delete my" "remove me" "my number"}
```

வளைவு அடைப்புக்குள் இருக்கும் சொற்களில் ஏதாவது ஒன்று இருந்தாலே மெயில் சிக்கும். முதலில் இதை வைத்துப் பழைய மெயிலில் தேடிப் பார்த்து, தேவையில்லாதது அதிகம் வந்தால் சொல்லைக் குறையுங்கள். பிறகு லேபிள் ஒட்டவும், ஸ்பேமுக்குப் போகாமலிருக்கவும் அதிலேயே டிக் செய்யுங்கள். இது பெரிய கண் உள்ள வலை என்பதை மறக்க வேண்டாம். மேலே சொன்ன “வேறு என்ன வைத்திருக்கிறீர்கள்” என்ற கேள்வியில் இந்தச் சொற்கள் எதுவும் இல்லாமல் போகலாம். ஜெர்மன் மொழியில் சொற்களைச் சேர்த்து ஒரே சொல்லாக எழுதுவார்கள், அதுவும் நழுவும். இணைத்து அனுப்பிய பிடிஎஃப் கடிதத்தையும் இதை நம்பி விட்டுவிட முடியாது. கண்ணால் கடைசி வரி வரை படிப்பதுதான் அடிப்படை, ஃபில்டர் அதற்குத் துணை.

கண்டுபிடித்த மெயில் பொறுப்பாளரிடம் போய்ச் சேர்வதில்தான் அடுத்த கசிவு. கடைமடைக்குத் தண்ணீர் வருவதற்குள் பயிர் வாடுவது போல, மூன்று கை மாறி வருவதற்குள் பதில் தர வேண்டிய ஒரு மாதக் கெடு பாதி தீர்ந்திருக்கும். எனவே ஒரே ஒருவரைப் பொறுப்பாளராக வையுங்கள், அவர் லீவில் போனால் யார் என்பதையும் இப்போதே எழுதிவையுங்கள். மெயிலைப் பார்த்தவர் அன்றே, பழைய ஷிப்பிங் உரையாடலோடு சேர்க்காமல், புது மெயிலாக அவருக்கு அனுப்ப வேண்டும். தலைப்பு இப்படி இருக்கட்டும்:

```
DR-2026-01 | IN 2026-01-14 | DUE 2026-02-13
```

முதலில் இருப்பது கோரிக்கைக்கு நீங்கள் தரும் வரிசை எண். முதல் தேதி, வாடிக்கையாளரின் மெயில் உங்கள் பெட்டிக்கு வந்த நாள். நீங்கள் திறந்த நாளோ பொறுப்பாளருக்கு அனுப்பிய நாளோ அல்ல. ஃபார்வர்டு செய்த தேதியிலிருந்து எண்ணுவதுதான் இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய தவறு. வாட்ஸ்அப்பில் வந்தால் ஸ்கிரீன்ஷாட், தபாலில் வந்தால் வந்த தேதி எழுதிய உறையோடு ஒரு போட்டோ, இவையும் இதே தலைப்பில் போக வேண்டும். பட்டறையில் ஒருவர் தன் சொந்த போனில் வாடிக்கையாளர்களோடு பேசுகிறார் என்றால் அவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

அந்தத் தலைப்பில் உள்ள தேதிகளை வைத்தே கணக்கைப் பார்ப்போம். 2026 ஜனவரி 14, புதன், போகி. மாலையில் மெயில் வருகிறது. பொங்கல் விடுமுறை முடிந்து 19-ம் தேதி திங்கள்கிழமை பெட்டியைத் திறக்கிறீர்கள். கெடு 14-லிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது, நம்மூர்ப் பண்டிகைக்கு அது நிற்காது. ஒரு மாதம் என்றால் அடுத்த மாதம் அதே தேதி, அதாவது பிப்ரவரி 14. அது சனிக்கிழமை என்பதால் அடுத்த வேலை நாளான 16, திங்கள் வரை சட்டம் இடம் தருகிறது. அந்த இரண்டு நாளை நம்ப வேண்டாம் என்பதால்தான் தலைப்பில் 13, வெள்ளி என்று போட்டிருக்கிறோம். ஜனவரி 31-ல் வந்த கோரிக்கைக்கு பிப்ரவரியில் 31 இல்லாததால் மாதத்தின் கடைசி நாளே கெடு. இப்படிக் கணக்குப் போட்டுக் குழம்புவதைவிட, வந்த நாளிலிருந்து 21 நாளில் பதில் அனுப்புவது என்று உள்ளுக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால் நிம்மதி. இதில் அது பிப்ரவரி 4.

கோரிக்கை சிக்கலானது அல்லது ஒருவரே பல கோரிக்கை வைத்திருக்கிறார் என்றால் இன்னும் இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதைக் காரணத்தோடு முதல் மாதத்துக்குள்ளேயே அவருக்குச் சொல்ல வேண்டும். சீசனில் வேலை அதிகம், ஆள் இல்லை என்பது காரணமாகாது.

19-ம் தேதி பொறுப்பாளர் செய்ய வேண்டியது குறைவுதான். கோரிக்கை கிடைத்தது, இந்தத் தேதிக்குள் பதில் வரும் என்று வாடிக்கையாளருக்கு நான்கு வரி. ஷிப்பிங் பகுதிக்கு வேறு மெயிலில் பதில். பட்டறை, பேக்கிங், கணக்கு மூன்று பேருக்கும், “இவர் சம்பந்தப்பட்ட எதையும் அழிக்காதீர்கள்” என்று ஒரு செய்தி. பயந்துபோய் உடனே எல்லாவற்றையும் அழிப்பவர்கள் உண்டு. தகவலைக் காட்டு என்று கேட்டவருக்குக் காட்டாமலிருக்க அழிப்பது பிரிட்டனில் குற்றமே. அழிக்கச் சொன்னவராக இருந்தாலும், ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குப் பதிவுகளை ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். எது போகும், எது நிற்கும் என்பதை ஆடிட்டரும் வக்கீலும் பார்த்துச் சொன்ன பிறகே கை வைக்க வேண்டும்.

அடையாளச் சான்று கேட்பதில் அவசரம் வேண்டாம். ஆர்டர் செய்த அதே மெயில் முகவரியிலிருந்து, ஆர்டர் எண்ணோடு எழுதியவரிடம் பாஸ்போர்ட் காப்பி கேட்பது தேவையற்றது, இன்னொரு தகவலை வாங்கி வைத்துக்கொள்வதும்கூட. நியாயமான சந்தேகம் இருந்தால் மட்டும், அதுவும் முதல் இரண்டு மூன்று நாளில் கேளுங்கள். வேறு ஒரு நிறுவனம் அவர் சார்பில் எழுதியிருந்தால், அவர் அனுமதி தந்ததற்கான சான்றைக் கேட்கலாம்.

நம் நாட்டு வாடிக்கையாளர் கேட்டால் என்ன என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். இந்தியாவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான டிபிடிபி 2023-ல் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தகவல் கேட்கும், அழிக்கச் சொல்லும் உரிமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகு, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. குறைதீர்ப்புக்கு அந்த விதிகள் தரும் உச்ச வரம்பு 90 நாள். தமிழில் வரும் “என் நம்பர் எப்படிக் கிடைச்சுது?” என்ற செய்திக்கும் இதே பாதையைப் பழக்கிவிட்டால் அப்போது புதிதாக எதுவும் செய்ய வேண்டியிருக்காது.

இப்போது கோபமாக எழுதியிருக்கும் ஜெர்மனி வாடிக்கையாளரிடம் வருவோம். முதல் மெயில் வந்த தேதியைக் கண்டுபிடியுங்கள். கெடு தாண்டியிருந்தால், இன்று வந்ததாகக் காட்டிப் புதிதாக எண்ணத் தொடங்காதீர்கள். கோரிக்கை வந்த நாள் இது, எங்கள் கவனக்குறைவால் தவறியது, இந்தத் தேதிக்குள் முழு விவரம் தருகிறோம் என்று இன்றே எழுதுங்கள். அந்தத் தேதி ஒரு வாரத்துக்கு மேல் போக வேண்டாம். அவருடைய தகவல் ஆர்டர் ஷீட், வாட்ஸ்அப், கூரியர் கணக்கு, பட்டறை ஆர்டர் நோட்டு என்று நான்கு இடத்தில் இருக்கும். நோட்டில்தான் நட்சத்திரமும் கோத்திரமும் எழுதியிருப்பீர்கள், அதை விட்டுவிடாதீர்கள்.