கேட்டுவிட்டு நின்றுபோனவர்

"பேச்சுவாக்கில் 'உங்களை அவருக்கு அறிமுகம் செய்து வைக்கிறேன்' என்று சொல்லிவிட்டு மறந்துபோனால், தொழில் வட்டாரத்தில் நம் பெயர் கெடுமா? சின்ன விஷயம்தானே?"

கெடும். கெட்டது நம் காதுக்கு வராது என்பதுதான் இதில் மோசம். எனக்குத் தெரியவந்தது தற்செயலாகத்தான்.

என்னோடு வேலை பார்த்த ஜூனியர் ஒருவர், வேறொரு நிறுவனத்தில் ஒரு இடம் காலியாக இருப்பதாகச் சொன்னார். அந்தப் பிரிவின் மேனேஜர் எனக்கு நல்ல பழக்கம். "நான் அவரிடம் சொல்கிறேன்" என்றேன். ஒரு வாரம் கழித்து, "சார், பேச முடிந்ததா?" என்று மெசேஜ் வந்தது. "இந்த வாரம் பேசிடறேன்" என்று பதில் போட்டேன். பிறகு அவர் கேட்கவில்லை. நானும் மறந்துவிட்டேன். மூன்றாவது வாரம் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார்.

இதில் நான் கவனிக்கத் தவறியது ஒன்று உண்டு. நான் வாக்குக் கொடுக்காமல் இருந்திருந்தால் அவர் நேராக விண்ணப்பித்திருப்பார். என்னை மீறிப் போனால் மரியாதையாக இருக்காது என்றுதான் காத்திருந்தார். உதவுகிறேன் என்று சொல்லி, திறந்திருந்த வழியையும் அடைத்திருக்கிறேன்.

இரண்டு வருடம் கழித்து நான் வேலை தேடிய இடத்தில் அவர் இருந்தார். என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார்கள். "திறமையானவர். ஆனால் செய்கிறேன் என்று சொன்னால் அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்" என்றாராம். அவர் சொன்னதில் பொய்யில்லை. ப்ராஜெக்ட் தாமதமானால் டீம், கிளையன்ட், பட்ஜெட் என்று பழியைப் பங்குபோட ஆட்கள் இருப்பார்கள். ஒரு மெயில் அனுப்பாததற்கு நான் ஒருவன்தான் காரணம். அதனால்தான் ஆளை எடைபோட அந்தச் சின்ன விஷயம் போதுமானதாகிவிடுகிறது.

இப்போது, சொன்ன அன்றே வேலையை ஆரம்பித்துவிடுகிறேன். கேட்டவரிடம் தன்னைப் பற்றி நாலைந்து வரி எழுதி வாங்கி, மேனேஜருக்கு அனுப்பி, "பேச விருப்பமா?" என்று முதலில் கேட்பேன். அவர் சம்மதித்த பிறகே இருவரையும் ஒரே மெயிலில் சேர்ப்பேன். கேட்காமல் ஆளைக் கோத்துவிட்டால் அந்தப் பக்கத்து உறவும் கசந்துவிடும்.

ஒரு வாரம் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டுவேன். அப்போதும் இல்லையென்றால், "அவரிடமிருந்து பதில் வரவில்லை, எனக்காகக் காத்திருக்காமல் நேராக விண்ணப்பித்துவிடுங்கள்" என்று கேட்டவருக்கு எழுதிவிடுவேன். சங்கடப்பட்டுக்கொண்டு பலரும் விட்டுவிடுவது இந்த ஒரு வரியைத்தான். அறிமுகமே நடக்காவிட்டாலும் இதை எழுதினால் அவர் வழி திறந்துவிடும்.

மூன்றாம் நபரோடு எனக்கு நெருக்கம் குறைவு என்றால் "அறிமுகம் செய்கிறேன்" என்ற வார்த்தையையே எடுப்பதில்லை. "கேட்டுப் பார்க்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

யாரும் இரண்டாவது முறை நினைவூட்ட மாட்டார்கள். அதனால் நாமேதான் தேட வேண்டும். என் வாட்ஸ்அப்பில் "சொல்றேன்" என்று தேடிப் பார்த்தேன். செய்யாமல் விட்டவை நான்கு இருந்தன. இரண்டுக்குக் காலம் கடந்துவிட்டிருந்தது. அந்த இருவருக்கும் அன்றே எழுதினேன்.