விண்ணப்பத்தில் என் செல்போன் எண்: நஷ்டஈடு தர வேண்டுமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் வீட்டிலிருந்தே பயோடேட்டாவும் வேலை விண்ணப்பங்களும் எழுதித் தருகிறேன். ஒருவருக்கு 100 ரூபாய் வாங்கிக்கொண்டு கேரள பி.எஸ்.சி.க்கு விண்ணப்பம் போட்டேன். அவர் போன் பழுதாகியிருந்ததால் என் எண்ணைக் கொடுத்தேன். தேர்வு எழுதுவதை உறுதிசெய்யச் சொல்லி வந்த மெசேஜை நான் பார்க்கவில்லை. அவர் தேர்வு எழுத முடியாமல் போனது. இப்போது 5 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. என்ன செய்வது?

பதில்: சகோதரி, 100 ரூபாய்தானே என்று சட்டம் பார்க்காது. காசு வாங்கிச் செய்த வேலை என்பதால், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அது சேவைதான். அவர் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அதற்கு 2 ஆண்டு அவகாசம் உண்டு.

ஆனால் நீங்கள் ஏற்ற வேலை எதுவரை என்பதில்தான் வழக்கே இருக்கிறது. விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது மட்டுமா, அதற்குப் பிறகும் கவனித்துக்கொள்வதா? யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் அவர் கையில் இருந்திருந்தால், தன் ப்ரொஃபைலைத் திறந்து பார்த்து உறுதிசெய்வது அவர் பொறுப்பு என்று வலுவாக வாதாடலாம். பாஸ்வேர்டும் உங்களிடமே இருந்திருந்தால் உங்கள் பக்கம் பலவீனம். தகவல் வரும் ஒரே வழி உங்கள் போன் என்றாகிவிடுகிறது. உங்கள் கவனக்குறைவைச் சேவைக் குறைபாடு என்று ஆணையம் சொல்ல இடமுண்டு.

அப்படியே சொன்னாலும் 5 லட்சம் கிடைப்பது கடினம். அவர் இழந்தது தேர்வு எழுதும் வாய்ப்பை, வேலையை அல்ல. தேர்வில் தேறி, ரேங்க் லிஸ்டில் இடம் பிடித்து, நியமனம் வரை போயிருப்பார் என்பதற்கு என்ன ஆதாரம்? தொலைதூர, மறைமுக நஷ்டத்துக்கு ஈடு கிடையாது என்று ஒப்பந்தச் சட்டம் 73-வது பிரிவு சொல்கிறது. வாங்கிய கட்டணம், மன உளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு என்ற அளவில்தான் உத்தரவை எதிர்பார்க்க வேண்டும்.

வாட்ஸ்அப் உரையாடலில் ஒரு வரியைக்கூட அழிக்காதீர்கள். பாஸ்வேர்டை அவருக்கு அனுப்பிய மெசேஜ் இருந்தால் அதுவே உங்கள் முதல் சாட்சி. போனையும் மாற்றவோ விற்கவோ வேண்டாம்.

வக்கீல் நோட்டீஸ் கோர்ட் உத்தரவல்ல. ஆனாலும் பதில் போடாமல் இருந்தால் அந்த மௌனத்தையே உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள். என்ன வேலை ஏற்றீர்கள், பாஸ்வேர்டு யாரிடம் இருந்தது என்பதை மட்டும் சொல்லி வக்கீல் மூலம் பதில் அனுப்புங்கள். வருத்தத்தில் 'தப்பு என்னுடையதுதான்' என்று அவருக்கு மெசேஜ் போட்டுவிடாதீர்கள். பின்னால் ஆணையத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் 30 நாளுக்குள் எழுத்துமூலம் பதில் தர வேண்டும். கூடுதலாக 15 நாள் வரை கேட்கலாம், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது.

வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. சித்தூர் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுங்கள். வழக்காகும் முன்பே சமரசம் பேசவும் அங்கே வழியிருக்கிறது. கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து நியாயமான ஒரு தொகையில் முடித்துக்கொள்வது இருவருக்குமே நல்லது என்பது என் கருத்து.

இன்னும் யார் யார் விண்ணப்பத்தில் உங்கள் எண் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். அவர்களை அழைத்து, எண்ணை மாற்றச் சொல்லி, பாஸ்வேர்டைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.